பணம் பிடித்தாகிவிட்டது, ஆர்டர் ஆகவில்லை: திரும்பி வர எத்தனை நாள்?

இணையக் கடையில் ஒரு பொருளுக்குப் பணம் கட்டும்போது, வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிவதும் கடையின் பக்கத்தில் ஆர்டர் பதிவாவதும் ஒரே செயல் அல்ல. ஒன்று வங்கியின் கணினியில் நடக்கிறது. மற்றொன்று கடையின் கணினியில் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நிறுவனங்களின் கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. எல்லாச் செய்திகளும் சில நொடிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவதால் வாங்குபவருக்கு இது ஒரே செயலாகத் தெரிகிறது. நடுவில் ஒரு செய்தி தொலைந்தாலோ தாமதமானாலோதான் இரண்டும் தனித்தனி என்பது வெளிப்படுகிறது. வங்கியிடமிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கும். கடையோ ஆர்டர் தோல்வி என்று காட்டும்.

இப்படிச் சிக்கிய பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதற்கு இந்தியாவில் தெளிவான விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம், கார்டு, ஐஎம்பிஎஸ், யுபிஐ என ஒவ்வொரு வழிக்கும், தோல்வியடைந்த பரிவர்த்தனையின் பணத்தைத் திருப்ப வேண்டிய கெடுவை அது வரையறுத்தது. கெடு தாண்டினால் வாடிக்கையாளருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதையும் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. ஆனாலும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் ஆகும்" என்பதுதான். அந்தப் பதில் சில நேரம் சரி, பல நேரம் தவறு. எப்போது சரி, எப்போது தவறு என்பது பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

பணம் போகும் வழி

இன்று இணையக் கடைகளில் பரவலாகப் பயன்படும் யுபிஐ வழியையே எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் ஒருவர் 2,350 ரூபாய் விலையுள்ள குக்கர் ஒன்றை இணையக் கடையில் வாங்குகிறார் என்று கொள்வோம். கைபேசியில் உள்ள யுபிஐ செயலியைத் திறந்து, பின் எண்ணைப் போடுகிறார். செயலி அந்தக் கோரிக்கையை தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்பிசிஐயின் மையக் கணினிக்கு அனுப்புகிறது. யுபிஐயை நடத்துவது இந்த நிறுவனம்தான். மையக் கணினி முதலில் வாங்குபவரின் வங்கியிடம் "இந்தக் கணக்கில் 2,350 ரூபாய் கழியுங்கள்" என்று கேட்கிறது. வங்கி பின் எண்ணையும் இருப்பையும் சரிபார்த்து, பணத்தைக் கழித்து, "கழித்துவிட்டோம்" என்று பதில் சொல்கிறது. அதன் பிறகே மையக் கணினி கடையின் வங்கியிடம் "இந்தக் கணக்கில் வரவு வையுங்கள்" என்கிறது. அந்த வங்கியும் சரி என்றதும் இரு பக்கத்துக்கும் வெற்றிச் செய்தி போகிறது.

பெரும்பாலான இணையக் கடைகள் பணத்தை நேரடியாக வாங்குவதில்லை. கடைக்கும் வங்கிக்கும் நடுவில் பேமெண்ட் கேட்வே நிறுவனம் ஒன்று இருக்கும். பல கடைகளுக்காகப் பணத்தைப் பெற்று, பிறகு கணக்குப் பார்த்து அந்தந்தக் கடைக்குக் கொடுப்பது அதன் வேலை. எனவே பணம் வந்துவிட்டது என்ற செய்தி கடையின் வங்கியிலிருந்து கேட்வேக்கும், கேட்வேயிலிருந்து கடையின் இணையதளத்துக்கும் இன்னும் இரண்டு படி தாண்ட வேண்டும். கடைசிப் படி முடிந்தால்தான் ஆர்டர் எண் உருவாகும்.

இந்தச் சங்கிலி மூன்று இடங்களில் அறுபடலாம். எங்கே அறுந்தது என்பதே பணம் திரும்பும் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் இடம் வாங்குபவரின் வங்கி. வங்கி பணத்தைக் கழித்துவிடுகிறது, ஆனால் "கழித்துவிட்டோம்" என்ற பதில் குறித்த நேரத்துக்குள் மையக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. சம்பள நாள், பண்டிகைத் தள்ளுபடி நாள் போன்ற நெரிசல் நேரங்களில் வங்கியின் கணினி திணறும்போது இது நேரும். மையக் கணினி பதிலுக்குக் காத்திருந்து, நேரம் முடிந்ததும் பரிவர்த்தனையைத் தோல்வியாக மூடிவிடுகிறது. கூடவே, ஒருவேளை பணம் கழிந்திருந்தால் திருப்பி வையுங்கள் என்று அதே வங்கிக்குத் திரும்பச் செய்தி அனுப்புகிறது. பணம் இன்னும் வாங்குபவரின் வங்கியை விட்டே போகவில்லை என்பதால் இது எளிய நிலை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பணம் கணக்கில் திரும்ப விழுந்துவிடும். அந்த வங்கியின் கணினி இன்னும் திணறிக்கொண்டிருந்து இந்தச் செய்தியும் ஏறாமல் போனால் மட்டும், மறுநாள் கணக்கு ஒப்பிடும்வரை பணம் நிற்கும்.

இரண்டாவது இடம் கடையின் வங்கி. குழப்பம் மிகுந்த நிலை இதுதான். வாங்குபவரின் வங்கி பணத்தைக் கழித்து ஒழுங்காகப் பதிலும் சொல்லிவிட்டது. மையக் கணினி கடையின் வங்கியிடம் வரவு வைக்கச் சொன்னது. அங்கிருந்து பதில் இல்லை. வரவு வைத்துவிட்டுப் பதில் மட்டும் வராமல் போனதா, வரவே வைக்கவில்லையா என்பது மையக் கணினிக்குத் தெரியாது. "வைக்கவில்லை" என்று தெளிவாகப் பதில் வந்திருந்தால் உடனே வாங்குபவருக்குப் பணத்தைத் திருப்பிவிடலாம். பதிலே இல்லாதபோது அவசரப்பட்டுத் திருப்பினால், கடைக்கும் பணம் போய் வாங்குபவருக்கும் பணம் திரும்பி, ஒரு வங்கி அந்தத் தொகையை இழக்க நேரும். அதனால் இந்த இடத்தில் பணம் வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்படுகிறது. செயலியில் "செயல்பாட்டில் உள்ளது" என்ற பொருளில் மஞ்சள் நிறத்தில் ஒரு குறிப்பு மணிக்கணக்கில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முடிவு தெரிவது வங்கிகள் கணக்கு ஒப்பிடும்போது. நாள்தோறும் நடந்த பரிவர்த்தனைகளின் பட்டியல் என்பிசிஐயிடமிருந்து வங்கிகளுக்குப் போகிறது. கடையின் வங்கி அந்தப் பட்டியலையும் தன் பேரேட்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, நடுவில் நிற்கும் ஒவ்வொரு தொகைக்கும் இரண்டில் ஒரு பதில் சொல்ல வேண்டும். வரவு வைத்தாகிவிட்டது என்று உறுதி செய்யலாம், அல்லது வைக்க முடியவில்லை என்று பணத்தைத் திருப்பி அனுப்பலாம். இந்த வேலையைக் கணினி நிரல்களே செய்கின்றன என்றாலும் நாளின் குறிப்பிட்ட நேரங்களில் தொகுப்பு தொகுப்பாகத்தான் நடக்கிறது. இரவு எட்டு மணிக்குச் சிக்கிய பணம் இரவு ஒன்பது மணிக்கு வராமல் மறுநாள் மதியம் வந்து விழுவதன் காரணம் இதுதான்.

மூன்றாவது இடம் கேட்வேக்கும் கடையின் இணையதளத்துக்கும் இடையில். யுபிஐயைப் பொறுத்தவரை இங்கே எந்தக் குறையும் இல்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தி கடையை அடைவதற்குள் பணம் கட்டும் பக்கத்தின் நேரம் முடிந்திருக்கும். வாங்குபவர் பின் எண்ணைப் போட்டபின் இணைய இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். பக்கத்தை மூடியிருக்கலாம், அல்லது பின்னோக்கிச் செல்லும் பொத்தானைத் தட்டியிருக்கலாம். கடை காத்திருந்து பார்த்து ஆர்டரைத் தோல்வி என்று எழுதிவிடும். பிறகு தாமதமாக வெற்றிச் செய்தி வரும்போது நல்ல அமைப்புள்ள கடை ஆர்டரை உயிர்ப்பித்துவிடும், அல்லது தொகையைத் தானாகத் திருப்பி அனுப்பிவிடும். சிறிய கடைகளில் இதற்கான ஏற்பாடு சரியாக இல்லாதபோது, யாராவது முறையிடும்வரை பணம் கேட்வேயின் கணக்கில் கிடக்கும்.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது

வாங்குபவரால் இந்தக் கணினிகளுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் அவர் கையில் இருக்கும் மூன்று தகவல்களை அருகருகே வைத்தாலே போதும்: வங்கிக் கணக்கின் நிலை, யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனைக்கு எதிரே உள்ள நிலை, கடையில் உள்ள ஆர்டரின் நிலை.

வங்கியில் பணம் கழிந்திருக்கிறது, செயலியும் தோல்வி என்கிறது என்றால் பணம் இன்னும் வங்கிகளின் பக்கம்தான் இருக்கிறது. கடையைக் கேட்டுப் பயனில்லை. அங்கே அந்தத் தொகை பற்றிய பதிவே இருக்காது. செயலி "செயல்பாட்டில்" என்று காட்டினால் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அது வெற்றியாகவும் மாறலாம், தோல்வியாகவும் மாறலாம். செயலி வெற்றி என்று காட்டி, கடை மட்டும் தோல்வி என்றால் பணம் கேட்வேயிடமோ கடையிடமோ இருக்கிறது. அப்போது முதலில் கேட்க வேண்டியது கடையை.

இதில் நடுநிலையான "செயல்பாட்டில்" என்பதில்தான் பலர் அவசரப்பட்டு இரண்டாம் முறை பணம் கட்டுகிறார்கள். பிறகு முதல் தொகையும் வெற்றியாக மாறிவிடும். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கும். சில நேரம் இரண்டு ஆர்டர்களும் பதிவாகியிருக்கும். இந்த நிலையில் எந்தப் பரிவர்த்தனையும் தோல்வியடைந்ததாகக் கணக்கில் வராது. இரண்டும் வெற்றி. ஆகவே ரிசர்வ் வங்கியின் தோல்விக் கெடு இங்கே உதவாது. கடை மனம் வைத்துத்தான் ஒன்றைத் திருப்ப வேண்டும். செயலியில் முடிவு தெரியும்வரை மறுபடி கட்டாமல் இருப்பதே மேல். பொருள் அவசரமாக வேண்டுமென்றால், பொருள் வரும்போது பணம் கொடுக்கும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம். முதல் ஆர்டர் உயிர்பெற்றால் இரண்டாவதை நிறுத்துவது எளிது.

கணக்கைப் பார்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். குறுஞ்செய்தியை நம்பி முடிவுக்கு வரக் கூடாது. பணம் கழிந்ததற்குத் தவறாமல் செய்தி அனுப்பும் வங்கி, திரும்ப வந்ததற்கு அனுப்பாமல் போவதுண்டு. வங்கிச் செயலியில் கணக்கு விவரப் பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். கழிந்த வரியில் யுபிஐ என்ற குறியோடு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். யுபிஐ செயலியில் அதே பரிவர்த்தனையைத் திறந்தால் `UPI Ref. No.` அல்லது `UTR` என்ற பெயரில் அதே எண் தெரியும். திரும்ப வந்த தொகை வேறொரு வரியில் வரவாக நிற்கும். அதன் குறிப்பில் பெரும்பாலும் `REV` போன்ற ஒரு சுருக்கமும் அதே 12 இலக்க எண்ணும் காணப்படும். சுருக்கம் வங்கிக்கு வங்கி மாறும். பணம் வந்து சேர்ந்த பிறகும் வரவில்லை என்று நினைத்து முறையிடுபவர்கள் உண்டு. இந்த எண்ணைக் கொண்டு பட்டியலைத் தேடினால் அந்த அலைச்சல் மிச்சம்.

கெடுவைக் கணக்கிடுதல்

ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை பரிவர்த்தனை நடந்த நாளை T என்று குறிக்கிறது. அது நாட்காட்டித் தேதி. வேலை நாள் கணக்கு இல்லை; ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும். வாடிக்கையாளர் சேவையில் சொல்லப்படும் "வேலை நாட்கள்" விதியிலிருந்து விலகும் முதல் இடம் இது.

யுபிஐயில் இரண்டு கெடுக்கள் உண்டு. ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பி, இங்கே கழிந்து அங்கே வரவாகாமல் போனால், மறுநாளுக்குள், அதாவது T+1-க்குள், பணம் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டிய பணம் கழிந்து, அது வந்து சேர்ந்ததற்கான உறுதி கடைக்குப் போகாமல் இருந்தால் கெடு T+5. கார்டு எண்ணைக் கொடுத்து இணையத்தில் வாங்கும்போது கடையின் அமைப்புக்கு உறுதி போகாவிட்டாலும் T+5 தான். கடைகளுக்குக் கூடுதல் நாட்கள் கொடுக்கப்பட்டிருப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தனியாளுக்கு அனுப்பிய பணத்தில் இரண்டு வங்கிகளின் பேரேடுகளை ஒப்பிட்டால் முடிந்தது. கடை என்றால் கேட்வேயின் பேரேடும் கடையின் ஆர்டர் பட்டியலும் சேர்ந்து நாலு கணக்குகள் ஒத்துப்போக வேண்டும்.

இந்தக் கெடுக்கள் உச்ச வரம்புகள். வங்கிகள் இதைவிட விரைவாக முடிக்கவே முயல வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. வாடிக்கையாளர் புகார் கொடுத்தால்தான் பணம் திரும்பும் என்பதும் இல்லை. தானாகத் திரும்ப வேண்டும் என்பதே விதியின் அடிப்படை.

கெடு தாண்டினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 100 ரூபாய் இழப்பீடு. தொகை சிறியதோ பெரியதோ, நாளுக்கு 100 ரூபாய்தான். இதையும் கேட்காமலேயே வாடிக்கையாளரின் கணக்கில் வங்கி வரவு வைக்க வேண்டும்.

மேலே சொன்ன குக்கர் ஆர்டருக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதத்தின் 10-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு 11.40-க்கு 2,350 ரூபாய் கழிந்தது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்கு இருபது நிமிடமே இருந்தாலும் T என்பது 10-ஆம் தேதிதான். சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். T+5 என்பது 15-ஆம் தேதி, புதன்கிழமை. அன்று இரவுக்குள் பணம் வந்துவிட்டால் இழப்பீடு எதுவும் இல்லை. 18-ஆம் தேதி சனிக்கிழமை வந்தால் மூன்று நாள் தாமதம். 2,350 ரூபாயோடு 300 ரூபாயும் கணக்கில் ஏற வேண்டும். இதே ஆள் இதே தொகையை ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பி அது சிக்கியிருந்தால் கெடு 11-ஆம் தேதியோடு முடிந்திருக்கும். அப்போது 18-ஆம் தேதி வரும் பணத்துக்கு ஏழு நாள் தாமதம், 700 ரூபாய் இழப்பீடு.

நடைமுறையில் இந்த இழப்பீடு எல்லா நேரமும் தானாக வந்துவிடுவதில்லை. தொகை திரும்பியதும் நிம்மதியாகிவிடும் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதும் இல்லை. 100 ரூபாய்க்காக வங்கியோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் சிக்கிய பணத்தைத் தேடி எடுக்க வங்கிகள் அக்கறை காட்ட வேண்டும் என்பதற்காகவே இந்தத் தொகை வைக்கப்பட்டிருக்கிறது. பல ஆயிரம் பேருடைய பணம் ஒரே நாளில் சிக்கும்போது அது வங்கிக்குச் சிறிய செலவாக இருக்காது. கேட்டு வாங்குவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

ரீஃபண்டுக்கு வேறு கணக்கு

மேலே சொன்ன கெடுக்கள் எல்லாம் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு உரியவை. வாடிக்கையாளரின் தவறு இல்லாமல், தொடர்பு அறுந்தோ நேரம் முடிந்தோ முழுமையடையாமல் போனதையே சுற்றறிக்கை தோல்வி என்கிறது. பணமும் போய்ச் சேர்ந்து ஆர்டரும் பதிவாகிவிட்டது, பிறகு சரக்கு இல்லை என்று கடையே ஆர்டரை நீக்குகிறது, அல்லது வாங்கியவர் வேண்டாம் என்கிறார். இதில் பரிவர்த்தனை தோற்கவில்லை. கடை இப்போது புதிதாக எதிர்த்திசையில் பணம் அனுப்புகிறது. அதற்கான நாட்களை முடிவு செய்வது கடையின் ரீஃபண்ட் விதிகளும் கேட்வேயின் நடைமுறையும்தான். "ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள்" என்ற பதில் பொருந்துவது இங்கேதான்.

இரண்டையும் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் அடிக்கடி ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். அதனால் பேச்சைத் தொடங்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது: "இந்தப் பணம் உங்கள் பக்கம் வந்து சேர்ந்ததா, இல்லையா?" சேரவில்லை என்றால் அது தோல்வி, வங்கி வழியாகத் தேட வேண்டும். சேர்ந்தது என்றால் எந்தத் தேதியில் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் அந்த ரீஃபண்டின் குறிப்பு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். கார்டில் வாங்கியிருந்தால் `ARN` என்ற எண்ணைக் கேட்கலாம். ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம் என்று கடையும், எதுவும் வரவில்லை என்று வங்கியும் சொல்லும்போது, அந்த எண்ணைக் கொடுத்தால் கார்டு வழங்கிய வங்கியால் தேடிப் பார்க்க முடியும்.

ரயில் டிக்கெட்டில் இரண்டு நிலைகளும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். தட்கல் நேரத்தில் பணம் போய்ச் சேர்வதற்குள் இருக்கைகள் தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைக்காது, பணம் மட்டும் போயிருக்கும். பணம் வங்கியளவில் சிக்கியிருந்தால் வங்கிகளுக்கிடையே திரும்பும். ரயில்வேயின் முன்பதிவுத் தளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு இருக்கை இல்லாமல் போயிருந்தால், தளம் தன் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பயணிகளில் ஒருவருக்குச் சில நிமிடத்தில் பணம் வருவதும், மற்றவருக்குச் சில நாள் ஆவதும் இதனால்தான்.

கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்னொரு சிக்கல் சேரும். கழிந்தது சேமிப்பிலிருந்த பணம் அல்ல, அட்டையின் வரம்பு. ஆர்டர் தோற்றபோது கடை தொகையைக் கோராமலே விட்டிருந்தால், பிடித்துவைக்கப்பட்ட வரம்பு பிறகு விடுவிக்கப்படும். பில்லில் அந்தத் தொகை வராமலே போகலாம். கடை தொகையைக் கோரிய பிறகு திருப்பினால், ஒரு செலவு வரியும் ஒரு வரவு வரியும் தனித்தனியாக வரும். செலவு இந்த மாதப் பில்லிலும் வரவு அடுத்த மாதப் பில்லிலும் விழக்கூடும். வரவு வரப்போகிறதே என்று பில் தொகையைக் குறைத்துக் கட்டினால் வட்டி ஏற வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்யும் முன் வங்கியிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நெட்பேங்கிங் வழியாகக் கடைக்குக் கட்டும் பணத்துக்குச் சுற்றறிக்கையின் அட்டவணையில் தனி வரி இல்லை. அங்கே கேட்வே வங்கியிடம் நிலையைக் கேட்டு ஒப்பிட்டுத் திருப்புவதே வழக்கம் என்பதால், புகாரைக் கடையிடமும் வங்கியிடமும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது நல்லது.

வராத பணத்துக்கு முறையிடுவது

கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் உதவி அல்லது புகார் என்ற வழி இருக்கும். அதில் பதிவு செய்தால் பரிவர்த்தனையின் 12 இலக்க எண் தானாக இணைந்துவிடும். புகார் எண் ஒன்றும் கிடைக்கும். செயலி வழியே தீர்வு இல்லையென்றால் பணம் கழிந்த வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலோ வங்கியின் இணையப் புகார்ப் படிவமோ போதும். தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு விடுவது பின்னால் உதவாது. புகார் கொடுத்த தேதிக்குச் சான்று வேண்டியிருக்கும்.

புகாரில் நீண்ட கதை தேவையில்லை. தேதி, நேரம், தொகை, 12 இலக்க எண், கடையின் பெயர், ஆர்டர் எண் இருந்தால் அது, கடையில் தோல்வி என்று காட்டிய பக்கத்தின் படம் ஆகியவை இருந்தால் போதும். பிறகு ஒரு வரி: "2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி T+5 முடிந்துவிட்டது, தொகையையும் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டையும் வரவு வைக்கவும்." கிளையில் இருக்கும் ஊழியருக்கு இந்தச் சுற்றறிக்கை உடனே நினைவுக்கு வராமல் இருக்கலாம். தேதியோடு எழுதும்போது புகார் சரியான பிரிவுக்குப் போகிறது.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` என்ற தளத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கியிடம் முதலில் முறையிடாமல் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் புகார் ஏற்கப்படாது. வங்கிக்கு எழுதிய நாளைக் குறித்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வேறொருவரின் யுபிஐ முகவரிக்குத் தவறாக அனுப்பிய பணம் கணினியைப் பொறுத்தவரை வெற்றிகரமாகச் சென்ற பணம். அதற்கு T+1, T+5 எதுவும் இல்லை. அனுப்பியவரும் பெறுபவரும் இந்தியாவில் இருக்கும் பரிவர்த்தனைகளுக்கே சுற்றறிக்கை பொருந்தும். வெளிநாட்டுத் தளத்தில் கார்டால் கட்டி ஆர்டர் தோற்றால், கார்டு வழங்கிய வங்கியிடம் எதிர்ப்புப் பதிவு செய்து அட்டை நிறுவனத்தின் விதிகளின்படிதான் போராட வேண்டும். அது வாரக்கணக்கில் நீளக்கூடும்.

பணம் சிக்கியவரின் பதற்றத்தை எதிர்பார்த்து மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கடையின் பெயரையும் "கஸ்டமர் கேர்" என்ற சொல்லையும் இணையத்தில் தேடினால், அவர்கள் போட்டு வைத்த போலி எண்கள் முன்னால் வந்து நிற்பதுண்டு. அழைத்தவுடன் கனிவாகப் பேசி, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, கைபேசித் திரையை அவர்கள் பார்க்கும்படி ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். அல்லது யுபிஐயில் பின் எண் போடச் சொல்வார்கள். தோல்வியடைந்த பணம் திரும்புவதற்கு வாடிக்கையாளர் எந்த எண்ணையும் போட வேண்டியதில்லை, எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் கேட்கும் ஏற்பாடு யுபிஐயில் கிடையாது. கடையின் எண்ணை அதன் சொந்தச் செயலிக்குள்ளிருந்தும், வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோதான் எடுக்க வேண்டும். ஏமாந்து பணம் போய்விட்டால், அதைத் தோல்வியடைந்த பரிவர்த்தனையாக வங்கியிடம் முறையிட்டு நேரத்தைக் கழிக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் தகவல் சேர்ந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.